எண்டோமெட்ரியம் ஸ்லைடில் நாள் கணிப்பது எப்படி: முதல் வாரத்துக்குச் சுரப்பி, இரண்டாம் வாரத்துக்கு ஸ்ட்ரோமா

எண்டோமெட்ரியம் பயாப்சி ஸ்லைடு கையில் வந்ததும் பலர் நேராக 40 லென்சுக்குப் போய்விடுகிறார்கள். ஏதோ ஒரு சுரப்பியைப் பிடித்து அதற்குள் என்ன இருக்கிறது என்று தேடுகிறார்கள். இது தலைகீழான வழி. கருப்பையின் உட்படலம் மாதம் முழுக்க மாறிக்கொண்டே இருந்தாலும் அதன் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி மாறுவதில்லை. எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். பிறகு அந்த இடத்தில் சுரப்பியைப் படிப்பதா, சுரப்பிகளுக்கு இடையே உள்ள திசுவான ஸ்ட்ரோமாவைப் படிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால், திசு மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளைக் காட்டுகிறது என்று கணிப்பது பாதி முடிந்த வேலை.

ஹெமட்டாக்சிலின், இயோசின் என்ற வழக்கமான சாயம் ஏற்றிய ஸ்லைடை வைத்தே இங்கே எல்லாவற்றையும் சொல்கிறேன். மூன்று லென்ஸ் போதும்: 4, 10, 40.

முதல் படி: சுவரில் எந்த இடத்தில் இருக்கிறோம்?

கருப்பையை அறுவையில் முழுதாக எடுத்திருந்தால், சுவரின் முழுக் கனமும் ஒரே வெட்டில் கிடைக்கும். வெளிப்பக்கம் பெரிமெட்ரியம் என்ற மெல்லிய உறை. அதில் நமக்கு இப்போது வேலை இல்லை. நடுவில் மயோமெட்ரியம். ஒன்றரை சென்டிமீட்டர் வரை கனமுள்ள மென்தசை அது. தசைக்கற்றைகள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால், ஒரே பார்வையில் நீளவாக்கில் வெட்டுப்பட்ட நார்களும் குறுக்கே வெட்டுப்பட்ட நார்களும் தெரியும். நடு அடுக்கில் பெரிய ரத்தக் குழாய்கள் கூட்டமாக இருக்கும். உள்பக்கம் எண்டோமெட்ரியம். இது தசையின் மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. குடலில் சளிப்படலத்துக்கும் தசைக்கும் நடுவே ஒரு தளர்வான அடுக்கு உண்டு. இங்கே அது கிடையாது. அதனால்தான் எண்டோமெட்ரியமும் தசையும் சேரும் எல்லை நேர்கோடாக இல்லாமல் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது.

எண்டோமெட்ரியத்திலேயே இரண்டு பகுதிகள் உண்டு. தசையை ஒட்டிய அடிப்பகுதி பேசாலிஸ். அதற்கு மேல் கருப்பை உள்வெளி வரை இருப்பது ஃபங்ஷனாலிஸ். மாதவிடாயில் உதிர்வது ஃபங்ஷனாலிஸ், தங்குவது பேசாலிஸ். ரத்த ஓட்டமும் இதே பிரிவைத்தான் பின்பற்றுகிறது. தசைக்குள் வளைந்து ஓடும் தமனிகளிலிருந்து ஆரத் தமனிகள் உள்நோக்கிப் புறப்படுகின்றன. அவை எண்டோமெட்ரியத்தின் எல்லைக்கு வந்ததும் இரு வகையாகப் பிரிகின்றன. குட்டையான நேர்தமனிகள் பேசாலிசோடு நின்றுவிடும். நீண்ட சுருள்தமனிகள் ஃபங்ஷனாலிசுக்குள் ஏறும். ஹார்மோன் மாற்றத்துக்குக் கூர்மையாக எதிர்வினை காட்டுபவை சுருள்தமனிகள். மாதக் கடைசியில் அவை இறுகினாலும் பேசாலிசுக்கு ரத்தம் வருவது நிற்காது. மேல்பகுதி முழுக்கப் போன பிறகும் அடிப்பகுதி பிழைத்திருப்பது இந்த ஏற்பாட்டினால்தான்.

நாள் கணிப்பதற்கு ஃபங்ஷனாலிஸ் மட்டுமே உதவும். பேசாலிஸ் புரோஜெஸ்டிரோனுக்கு அவ்வளவாக இசைவதில்லை. 24-ஆம் நாளில் எடுத்த பயாப்சியிலும் அது, முட்டை வெளியேறுவதற்கு முந்தைய பெருக்கக் கட்டத்தைப் போலவே, நெருக்கமான கருநீல ஸ்ட்ரோமாவோடு இருக்கும். கருப்பையின் கீழ்ப்பகுதி, அதாவது கழுத்தை ஒட்டிய பகுதியும் இப்படித்தான் மந்தமாக இருக்கும். ஆகவே 4 லென்சில் எல்லாத் துண்டுகளையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். ஓரத்தில் மேற்புற எபிதீலியம் உள்ள துண்டைத் தேடுங்கள். அந்த ஓரத்திலிருந்து கீழே இறங்கும் சுரப்பிகள்தான் நமக்கு வேண்டியவை. மேற்பரப்பே இல்லாமல், சுரப்பிகளுக்கு அருகில் தடித்த சுவருள்ள ரத்தக்குழாய்களோ தசைத் துணுக்குகளோ தெரிந்தால் அது பேசாலிஸ். அதை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: முட்டை வெளியேறியதா, இல்லையா?

மாதவிடாய் முடியும்போது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்துபோன படலம், சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜனால் வளரத் தொடங்குகிறது. பெருக்கக் கட்டத்தின் முடிவில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆகும். தொடக்கத்தில் சுரப்பிகள் ஒடுங்கிய நேர்குழாய்கள். குறுக்கே வெட்டுப்பட்டால் சின்னச் சின்ன வட்டங்களாகத் தெரியும். போகப்போகச் சுரப்பி செல்கள் பெருகி, உட்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதுபோல் அடுக்கடுக்காகத் தெரியும். உண்மையில் எல்லாச் செல்லும் அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, உட்கருவின் உயரம்தான் வேறுபடுகிறது. சுரப்பி வளரும் வேகம் ஸ்ட்ரோமாவை மிஞ்சும்போது குழாய்கள் நேராக நிற்க இடமில்லாமல் நெளியத் தொடங்கும்.

இந்தக் கட்டத்துக்கு ஒரே ஒரு அடையாளம் கேட்டால் நான் மைட்டோசிசைத்தான் சொல்வேன். 40 லென்சில் சுரப்பியிலும் ஸ்ட்ரோமாவிலும் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எளிதாகக் கண்ணில் படும். பெருக்கக் கட்டத்தை முற்பகுதி, நடு, பிற்பகுதி என்று பிரிக்கலாம். அதற்கு மேல் நாள் சொல்ல முடியாது, சொல்ல முயலவும் வேண்டாம். இந்தக் கட்டத்தின் நீளமே ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

முட்டை வெளியேறிய மறுநாளும் ஸ்லைடில் பெரிதாக ஒன்றும் தெரியாது. புரோஜெஸ்டிரோன் வந்துவிட்டிருக்கும், ஆனால் திசு வடிவம் மாறுவதற்கு ஒன்றரை முதல் இரண்டு நாள் பிடிக்கும். இந்த இடைவெளியில் எடுத்த பயாப்சியில் சில சுரப்பிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கருவுக்கு அடியில் வெளிர்க்குமிழிகள் இருக்கலாம். அதை வைத்து முட்டை வெளியேறிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. முட்டையே வெளியேறாத மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே இருந்தாலும் இப்படிச் சிதறலாகக் குமிழிகள் வரும். பாதிக்கு மேற்பட்ட சுரப்பிகளில், ஒவ்வொரு சுரப்பியிலும் வரிசை தப்பாமல் குமிழிகள் இருந்தால்தான் முட்டை வெளியேறியதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: முதல் வாரத்தில் சுரப்பியைப் படியுங்கள்

இன்றும் நாம் பயன்படுத்தும் நாள் கணக்கு 1950-இல் நாயெஸ், ஹெர்டிக், ராக் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. அவர்கள் 28 நாள் சுழற்சியை மாதிரியாகக் கொண்டு, முட்டை வெளியேறுவதை 14-ஆம் நாள் என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் ஸ்லைடில் ‘17-ஆம் நாள்’ என்றால் முட்டை வெளியேறி மூன்று நாள் என்று பொருள். அந்தப் பெண்ணின் காலண்டரில் அது எந்த நாளாகவும் இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தை மறந்தால் பின்னால் எல்லாம் குழம்பும்.

முட்டை வெளியேறிய பிறகு வரும் முதல் வாரம் முழுக்கக் கதை சுரப்பி செல்லுக்குள் நடக்கிறது. புரோஜெஸ்டிரோன் வந்ததும் செல் கிளைகோஜனைச் சேர்க்கிறது. சேர்ப்பது செல்லின் அடிப்பக்கத்தில். அதனால் உட்கரு மேலே தள்ளப்படுகிறது. 17-ஆம் நாளில் இது உச்சம்: எல்லாச் செல்லிலும் அடியில் ஒரு வெளிர்க்குமிழி, அதற்கு மேல் ஒரே கோட்டில் உட்கரு. நீலமும் வெள்ளையும் மாறி மாறி வரும் அந்த வரிசை பியானோ கட்டைகளைப் போல இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. குமிழி ஏன் காலியாகத் தெரிகிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. திசுவைப் பதப்படுத்தும்போது கிளைகோஜன் பெரும்பாலும் கரைந்துபோகிறது, அது இருந்த இடம் மட்டும் வெற்றிடமாக நிற்கிறது.

அடுத்த நாள், 18-இல், சரக்கு மேலே நகரத் தொடங்கும். உட்கருவுக்குக் கீழேயும் குமிழி, மேலேயும் குமிழி. அளவும் சிறிதாகிவிடும். 19-இல் செல்லுக்குள் சிலதான் மிச்சம், உட்கரு தன் அடியிடத்துக்குத் திரும்பிவிடும், சுரப்பியின் குழாய்க்குள் இளஞ்சிவப்புச் சுரப்பு தெரியும். 20-இல் அந்தக் குழாய்ச் சுரப்பு உச்சத்தில் இருக்கும். செல்களின் மேல்விளிம்பு கூர்மை இழந்து பிய்ந்தாற்போல் காணப்படும். கரு ஒட்டுவதற்கு வந்து சேரும் நாட்கள் இவைதான், அதற்கேற்பவே சுரப்பும் அமைந்திருக்கிறது.

குமிழி கீழே, இரண்டு பக்கமும், குழாய்க்குள் என்ற இந்த மூன்று நிலைகளும் மனதில் இருந்தால் 17 முதல் 20 வரை சொல்வதற்கு வேறொன்றும் தேவையில்லை. இந்த நாட்களில் ஸ்ட்ரோமாவைப் பார்த்து நேரத்தைச் செலவிட வேண்டாம். அங்கே இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

நான்காம் படி: இரண்டாம் வாரத்தில் ஸ்ட்ரோமாவுக்கு மாறுங்கள்

20-க்குப் பிறகு சுரப்பிகள் களைத்துவிடுகின்றன. அவை இன்னும் நெளிந்து, நீளவாக்கில் வெட்டினால் ரம்பப் பல் வடிவத்தில் தெரியும். ஆனால் 23-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றிடமிருந்து பெற முடியாது. இப்போது சுரப்பிகளுக்கு இடையே உள்ள திசுதான் பேசும்.

முதலில் நீர் கோக்கிறது. 21-இல் ஸ்ட்ரோமா தளரத் தொடங்கி, 22-இல் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, சைட்டோபிளாசமே இல்லாத வெற்று உட்கருக்கள் வெளிர்ப் பின்னணியில் மிதப்பதுபோல் இருக்கும். 10 லென்சிலேயே இது தெரிந்துவிடும்.

23-இல் பார்வையைச் சுருள்தமனிகள் மேல் வையுங்கள். இதுவரை நீரில் தனியாக நின்ற குழாயைச் சுற்றி இப்போது ஒரு செல் வளையம் உருவாகிறது. ஸ்ட்ரோமா செல்கள் உருண்டு பெருத்து, இளஞ்சிவப்புச் சைட்டோபிளாசம் பெறுகின்றன. இதுதான் பிரிடெசிடுவா மாற்றம். கருவை எதிர்பார்த்து ஸ்ட்ரோமா செய்யும் ஆயத்தம் அது. இங்கே எனக்குப் பிடித்த விஷயம், மனித எண்டோமெட்ரியம் கரு வந்ததா என்று பார்த்துக் காத்திருப்பதில்லை, ஒவ்வொரு மாதமும் தானாகவே இதைத் தொடங்கிவிடுகிறது. 24-இல் தமனியைச் சுற்றிய வளையம் தெளிவாகத் தடிக்கிறது, ஸ்ட்ரோமாவில் மைட்டோசிசும் மறுபடி தலைகாட்டும். 25-இல் மேற்பரப்பு எபிதீலியத்துக்கு நேர் கீழே அதே செல்கள் திட்டுத்திட்டாகத் தோன்றுகின்றன. 26-இல் திட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்குகின்றன. 27-இல் மேல்பகுதி முழுக்க ஒரே விரிப்பாகிவிடும். தமனியைச் சுற்றி, மேற்பரப்பின் கீழே, பிறகு எங்கும் என்று இடத்தை வைத்து நினைவில் கொள்ளுங்கள்.

கடைசி நாட்களில் ஸ்ட்ரோமாவில் சிறிய, கருத்த, சில நேரம் மடிந்த உட்கரு கொண்ட செல்கள் நிறையத் தெரியும். இவற்றைக் கண்டதும் அழற்சி என்று எழுதுபவர்கள் உண்டு. பெரும்பாலானவை கருப்பைக்கே உரிய இயற்கைக் கொல்லி செல்கள். இந்த நாட்களில் அவை இருப்பது இயல்பு. நாள்பட்ட அழற்சி என்று சொல்ல வேண்டுமானால் பிளாஸ்மா செல்லைக் காட்ட வேண்டும்.

மாதவிடாய் ஸ்லைடு

கரு ஒட்டவில்லையென்றால், முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகிப் புரோஜெஸ்டிரோனைச் சுரந்துவந்த கார்ப்பஸ் லூட்டியம் சுருங்குகிறது, புரோஜெஸ்டிரோன் விழுகிறது. அப்போது ரத்தக்குழாய்களில் என்ன நடக்கிறது என்பதை 1940-இல் மார்க்கீ என்பவர் நேரில் பார்த்தே எழுதினார். ரீசஸ் குரங்கின் எண்டோமெட்ரியத் துணுக்குகளை அதன் கண்ணின் முன்னறையில் ஒட்டவைத்து, விழிப்படலத்தின் வழியாக நாள்தோறும் கவனித்தார். படலம் மெலிகிறது. சுருள்தமனிகள் இன்னும் நெருக்கமாகச் சுருள்கின்றன. ரத்தம் வருவதற்கு 4 முதல் 24 மணி நேரத்துக்கு முன்பே அவை இறுகிவிடுகின்றன. பிறகு தளரும்போது சிதைந்த சுவர் வழியே ரத்தம் கசிகிறது. திசுவைக் கரைக்கும் என்சைம்களும் அதே சமயத்தில் வேலை செய்வதால் ஃபங்ஷனாலிஸ் துண்டு துண்டாக உதிர்கிறது.

ஸ்லைடில் இது பார்ப்பவரைப் பயமுறுத்தும். ரத்தத்தின் நடுவே ஸ்ட்ரோமா செல்கள் சுருங்கி, கருநீல உருண்டைகளாகத் திரண்டு கிடக்கும். சுரப்பிகள் உடைந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். உட்கருக்கள் கருத்து நெருங்கியிருப்பதால் புற்றுநோயோ என்று தோன்றும். அவசரப்படாமல் பாருங்கள். அந்த உருண்டைகளில் மைட்டோசிஸ் இருக்காது, உட்கருத் தூசி இருக்கும். அருகிலுள்ள சுரப்பிகளில் களைத்த சுரப்புச் செல்கள் இருந்தால் அது இயல்பான மாதவிடாய். அதே சிதைவு பெருக்கக் கட்டச் சுரப்பிகளோடு சேர்ந்து தெரிந்தால், முட்டை வெளியேறாமலேயே ரத்தப்போக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். சிகிச்சையே மாறும் அளவுக்கு முக்கியமான வேறுபாடு இது.

அப்புறம், பழுதுபார்ப்பு ரத்தம் நிற்கும்வரை காத்திருப்பதில்லை. பேசாலிசில் மிஞ்சிய சுரப்பி முனைகளிலிருந்து எபிதீலியம் பக்கவாட்டில் பரவி மூடத் தொடங்கிவிடும். ஐந்தாம் நாள் வாக்கில் மேற்பரப்பு பெரும்பாலும் மூடியிருக்கும்.

ஒரு ஸ்லைடை முழுக்கப் படிப்போம்

பயாப்சியோடு வந்த சீட்டில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: குழந்தைப்பேறு தாமதம், சுழற்சி ஒழுங்காக 33 நாள், பயாப்சி எடுத்தது சுழற்சியின் 27-ஆம் நாள்.

4 லென்சில் நான்கு துண்டுகள். ஒன்றில் தசைத் துணுக்கும் நெருக்கமான ஸ்ட்ரோமாவும் இருக்கிறது. பேசாலிஸ், தள்ளிவிடலாம். இன்னொன்றில் சளி சுரக்கும் கழுத்துப்பகுதி செல்கள் கலந்திருக்கின்றன, அதுவும் வேண்டாம். மீதி இரண்டில் மேற்பரப்பு நன்றாக இருக்கிறது.

10 லென்சில் சுரப்பிகள் நெளிந்து அகன்றிருக்கின்றன, குழாய்களுக்குள் சுரப்பு. ஆகவே பெருக்கக் கட்டம் இல்லை. ஸ்ட்ரோமா வெளிறி, செல்கள் நன்றாக விலகியிருக்கின்றன.

40 லென்சில் சுரப்பி செல்களில் அடிக்குமிழி இல்லை, மைட்டோசிசும் இல்லை. எனவே 19-ஐத் தாண்டிவிட்டோம். இப்போது ஸ்ட்ரோமா. சுருள்தமனிகளைத் தேடிப் பார்த்தால் சுவர் மெல்லியதாக, சுற்றிலும் வளையம் எதுவும் இல்லாமல் நீரில் தனியாக நிற்கின்றன. ஆகவே 23 ஆகவில்லை. நீர்க்கோவை உச்சத்தில் இருப்பதால் 22 என்று வைக்கலாம்.

சீட்டில் 27, ஸ்லைடில் 22. ஐந்து நாள் பின்தங்கியிருக்கிறது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 33 நாள் சுழற்சியில் கூடுதலான ஐந்து நாள் பெரும்பாலும் பெருக்கக் கட்டத்தில்தான் சேரும். முட்டை வெளியேறியது 14-இல் அல்ல, 19-ஆம் நாள் வாக்கில். 27-இலிருந்து 19-ஐக் கழித்தால் 8. ஸ்லைடின் 22-லிருந்து 14-ஐக் கழித்தாலும் 8. இரண்டும் பொருந்துகிறது. அடுத்த மாதவிடாய் பயாப்சிக்கு ஏழு நாள் கழித்து வந்தால் கணக்கு இன்னும் உறுதிப்படும். அறிக்கையில் ‘சுரப்புக் கட்டம், 22-ஆம் நாளுக்கு ஒத்தது, முட்டை வெளியேறி ஏறக்குறைய 8 நாள்’ என்று எழுதினால் படிக்கும் மருத்துவருக்குக் குழப்பம் இருக்காது.

சுரப்பி ஒரு நாளையும் ஸ்ட்ரோமா வேறொரு நாளையும் காட்டினால் என்ன செய்வது? ஓரிரு நாள் வித்தியாசம் சாதாரணம், முன்னேறிய பகுதியை வைத்து எழுதலாம். ஆனால் சுரப்பிகள் சின்னதாகச் சோர்ந்து கிடக்க, ஸ்ட்ரோமா மட்டும் முழுக்கப் பிரிடெசிடுவாவாக இருந்தால் அது எந்த நாளுமில்லை. வெளியிலிருந்து புரோஜெஸ்டின் வந்திருக்கிறது. கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் வெளியிடும் கருப்பைச் சாதனமோ உண்டா என்று கேட்டுவிட்டு, நாள் எழுதாமல் விடுவதே சரி.

இன்னொரு ஏமாற்று வேலை: ஒரு சுரப்பிக்குள் இன்னொரு சுரப்பி. பயாப்சியை உறிஞ்சி இழுக்கும்போது சுரப்பி தனக்குள்ளேயே மடிந்துகொள்ளும். சுரப்பிகள் மிகையாகப் பெருகிவிட்டன என்று தவறாகப் படிக்க வைக்கும் தோற்றம் இது. உள்ளே இருக்கும் சுரப்பியைச் சுற்றி ஸ்ட்ரோமா இல்லாமல் வெறும் வெடிப்பு இருந்தால், அது இழுத்ததால் வந்தது.

இந்தக் கணிப்பை எதற்குப் பயன்படுத்தக் கூடாது

பல பத்தாண்டுகளாக, ஸ்லைடு காலண்டரைவிட இரண்டு நாளுக்கு மேல் பின்தங்கினால் லூட்டியல் கட்டக் குறைபாடு என்று பெயரிட்டு, குழந்தைப்பேறு தாமதத்துக்கு அதையே காரணமாகச் சொல்லிவந்தார்கள். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வுகள் இதைச் சோதித்தன. குழந்தை பெற்ற பெண்களிடமும் இந்தப் பின்தங்கல் சாதாரணமாகவே இருந்தது. ஒரே ஸ்லைடை வெவ்வேறு பார்வையாளர்கள் படித்தபோது நாள் மாறியது, ஒரே பெண்ணுக்கு மாதத்துக்கு மாதமும் மாறியது. கருத்தரிக்க முடிந்தவர்களையும் முடியாதவர்களையும் இந்தக் கணிப்பால் பிரித்துக் காட்ட முடியவில்லை. அதனால் குழந்தைப்பேறு பரிசோதனையில் நாள் கணிக்க மட்டும் பயாப்சி எடுக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. ரத்தப்போக்குக்காக எடுக்கும் பயாப்சியில் நாளைவிடக் கட்டமே முக்கியம்: பெருக்கமா, சுரப்பா, மாதவிடாயா, முட்டை வெளியேறாத சிதைவா, ஹார்மோன் மருந்தின் விளைவா. சுரப்புக் கட்டம் என்று உறுதியானால் ‘முற்பகுதி’, ‘நடு’, ‘பிற்பகுதி’ என்று எழுதுங்கள். நாளைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்டால் ‘21–22’ என்பதுபோல் இரண்டு நாள் இடைவெளியாகவே கொடுங்கள்.